நான்கடி ஜன்னலும் பத்தடி ஹாலும்

படம் வரையும் ஏஐ செயலி எதையாவது திறந்து, கீழே இருக்கும் வரியை மட்டும் எழுதிப் பார்க்கலாம். வீட்டு உள்ளலங்காரப் படம் கேட்கும் பெரும்பாலானோர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

```
small living room, natural light, soft shadows, realistic, 8k
```

வரும் படம் முதல் பார்வைக்கு அழகாகவே இருக்கும். சாம்பல் நிற சோபா, மூலையில் தொட்டிச் செடி, சுவரில் சட்டம் போட்ட இரண்டு படங்கள், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி ஜன்னல். சின்ன ஹால் என்று கேட்டிருந்தாலும் கல்யாண வரவேற்பே நடத்தலாம் போலத் தெரியும். வெளிச்சம் அறை முழுக்க ஒரே அளவில் பரவியிருக்கும். ஜன்னல் இடது பக்கம் இருந்தாலும் செடியின் நிழல் ஜன்னலை நோக்கியே விழுந்திருக்கலாம். சோபாவுக்குக் கீழே நிழலே இல்லாமல், அது தரைக்குச் சற்று மேலே மிதக்கிறதோ என்ற சந்தேகம் வரலாம்.

‘மென்மையான நிழல்’ என்று கேட்டும் ஏன் கிடைக்கவில்லை? செயலி எதைப் பார்த்துப் படித்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகள், இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு ஒட்டியிருந்த விளக்க வரிகளையும் சேர்த்துப் படித்தவை. இணையத்தில் வீட்டு உள்படங்களை அதிகம் போடுகிறவர்கள் வீடு விற்பவர்கள், ஹோட்டல்காரர்கள், மரச்சாமான் கடைக்காரர்கள். அவர்கள் அமர்த்தும் புகைப்படக்காரர் அகன்ற கோண லென்ஸை மாட்டுவார், வீட்டிலுள்ள விளக்குகளை எல்லாம் போடுவார், ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து ஒன்றாக இணைப்பார். இருட்டு மூலை இருந்தால் வீடு விலை போகாது என்பது அவர் கவலை. அப்படி நிழலைத் துடைத்தெடுத்த படத்துக்குக் கீழேதான் ‘இயற்கை வெளிச்சம் நிறைந்த அறை’ என்று எழுதிவைக்கிறார்கள். டீப்பாயின் நிழல் வலப்பக்கம் விழுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே அந்தச் சொற்றொடரைக் கேட்டதும் செயலிக்கு நினைவுக்கு வருவது பளிச்சென்ற அறை.

மறுபாதி விடை மாதிரியின் உள்ளே இருக்கிறது. டிஃப்யூஷன் மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு படத்தின் மேல் படிப்படியாகப் புள்ளி இரைச்சலைத் தூவி, அதை நீக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆரம்பகால ஸ்டேபிள் டிஃப்யூஷனில் இந்தத் தூவல் முழுமையாக இல்லை. கடைசிப் படியிலும் மூலப்படத்தின் சராசரி வெளிச்சம் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. ஆனால் புதுப்படம் வரையும்போது செயலி சுத்தமான இரைச்சலிலிருந்து தொடங்குகிறது. அதன் சராசரி எப்போதும் நடுத்தரம். விளைவு, இரவுக் காட்சி கேட்டாலும் பனிப்பொழிவு கேட்டாலும் மொத்தப் படம் நடுத்தர வெளிச்சத்துக்கே இழுபட்டது. ஷான்சுவான் லின்னும் அவருடைய சகாக்களும் 2023-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தக் கோளாறைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. பின்னால் வந்த மாதிரிகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பழைய மாதிரியை வைத்து வேலை செய்பவர், எவ்வளவு எழுதியும் மூலை ஏன் இருளவில்லை என்று தன் எழுத்தைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். நிழல் வேண்டும் என்று கேட்பதைக் குறைத்து, அந்த நிழலை உண்டாக்கும் ஜன்னலை விவரிக்க வேண்டும். அதற்கு ஜன்னல் வெளிச்சம் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஹாலை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடது சுவரில் நான்கடி அகல ஜன்னல், அதில் இரும்பு கிரில். மேகமூட்டமான காலை என்றால் சூரியன் நேரே உள்ளே வருவதில்லை, வானம்தான் வெளிச்சம் தருகிறது. அப்போது அறைக்குள் இருக்கும் பொருள்களைப் பொறுத்தவரை அந்த நான்கடி ஜன்னல் முழுவதுமே ஒரு விளக்கு. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் கரையும். எவ்வளவு கரையும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே போட்டுவிடலாம். ஜன்னலின் அகலத்தை, பொருளுக்கும் நிழல் விழும் சுவருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, ஜன்னலுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி ஒரு ஸ்டாண்ட் நிற்கிறது, அதற்குப் பின்னால் ஓரடியில் சுவர் என்றால், நிழலின் ஓரம் எட்டு அங்குலத்துக்குக் கரைந்துபோகும். அதே ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஒரே அங்குலத்தில் வைத்தால் கரைசல் முக்கால் அங்குலம்கூட இருக்காது.

இதில்தான் ‘நம்பும்படியான மென்மை’யின் சூட்சுமம் இருக்கிறது. மென்மையான நிழல் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கியிருப்பது அல்ல. டீப்பாய் மேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளரின் நிழல், டம்ளர் பலகையைத் தொடும் இடத்தில் கருப்பாகவும் கூர்மையாகவும் ஆரம்பிக்கும். விலக விலக அகன்று, வெளிறி, இல்லாமலே போய்விடும். சோபாவின் கால் தரையைத் தொடும் இடத்திலும் அப்படி ஒரு மெல்லிய கரும்படிவு உண்டு. அது இல்லாத படத்தில் சாமான்கள் மிதக்கின்றன. படத்தின் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பவருக்கு எதுவோ உறுத்துவது பெரும்பாலும் இதனால்தான்.

நேர் வெயில் உள்ளே வந்தால் கதை வேறு. வானத்தில் சூரியன் அரை பாகை அளவே உள்ள சின்ன வட்டம். அதனால் அதன் நிழல் கூர்மையானது. அப்படியும் முழுக்கக் கூர்மை கிடையாது. கிரகணப் பாடத்தில் படித்த கருநிழலும் புறநிழலும் ஜன்னல் கிரில்லுக்கும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஓரம் மங்கும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரில் கம்பியின் கருநிழல் சுமார் 1.3 மீட்டரில், அதாவது நான்கடியை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு அப்பால் விழுவது வெறும் மங்கலான பட்டைகள்தான். பத்தடி தள்ளியிருக்கும் எதிர்ச்சுவரில் கிரில்லின் பூவேலைப்பாடு கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருக்கும் ஏஐ படங்கள் நிறைய உலவுகின்றன. பார்க்க ஜோர்தான், ஆனால் வீட்டில் அப்படி விழாது. மேகமூட்டமான நாளில் அந்தப் பட்டைகளும் கிடையாது, ஏனென்றால் கிரில் அந்தப் பெரிய விளக்கின் மேலேயே இருக்கிறது. மேகமூட்டம், கிரில் நிழல் இரண்டையும் ஒரே பிராம்ப்டில் கேட்பவர், செயலியிடம் நடக்காத ஒன்றைக் கேட்கிறார். செயலி மறுக்காது. ஏதோ ஒன்றை வரைந்து கொடுத்துவிடும்.

இனி எழுதிப் பார்க்கலாம். ஆங்கில விளக்கங்களோடு சேர்ந்த படங்களே பயிற்சியில் அதிகம் என்பதால் இந்த வேலை இன்னும் ஆங்கிலத்திலேயே நன்றாக நடக்கிறது. முதலில் அறையும் காமிராவும்.

```
Photo of a small living room in a Chennai flat, 10 by 12 feet,
taken from the doorway at chest height, 35mm lens.
```

அடிக்கணக்கு எழுதினால் செயலி டேப் வைத்து அளக்கப்போவதில்லை. அது ஒரு சாடை மட்டுமே. உண்மையில் வேலை செய்வது லென்ஸும் நிற்கும் இடமும். 35 மில்லிமீட்டர் லென்ஸ், முழுச்சட்டக் காமிராவில், பத்தடி தூரத்தில் பத்தடியைவிடச் சற்று அதிகமான அகலத்தையே பிடிக்கும். வீட்டு விளம்பரக்காரர்கள் மாட்டும் 16, 20 மில்லிமீட்டர் லென்ஸ்கள் அதைவிட மிக அகலமாகப் பிடித்து, எதிர்ச்சுவரைத் தூரத் தள்ளிவிடும். செயலிக்கு ஒளியியல் தெரியாது. ஆனால் 35mm என்று குறிப்பிட்ட படங்கள் எப்படி இருந்தன என்பது தெரியும். அந்தப் பழக்கம் விளம்பரப் படங்களின் பழக்கத்திலிருந்து அதை விலக்கி இழுக்கிறது.

அடுத்தது ஜன்னல். பிராம்ப்டின் முதுகெலும்பு இந்தப் பகுதிதான்.

```
One window on the left wall, four feet wide, iron grill, thin white
curtain half drawn. Overcast morning. The window is the only source
of light; the view outside is burnt out to white.
```

ஒரே ஜன்னல் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செயலி எதிர்ப்பக்கமும் ஒன்றைத் திறந்துவிடும், நிழல்கள் இரண்டு பக்கமும் இழுபட்டுக் காணாமல் போகும். எந்தச் சுவர் என்பதையும் படத்தைப் பார்ப்பவரின் இடது வலது கணக்கில் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியம் பலருக்குத் தோன்றாத ஒன்று. அறைக்குள் இருப்பது தெரியும் அளவுக்கு காமிராவைத் திறந்தால் வெளிவானம் வெளுத்துப்போகும். உள்ளே டீப்பாயும் தெரிந்து, வெளியே வேப்பமர இலையும் துல்லியமாகத் தெரிந்தால், அது இணைத்து எடுத்த விளம்பரப் படம். இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்ததுமே அறை மெல்ல இருளத் தொடங்குவதைக் காணலாம்.

பிறகு வெளிச்சம் எங்கே போகிறது, எங்கே தீர்கிறது என்பது.

```
Light comes from the left and fades toward the right; the far right
corner stays dim. Cream walls, red oxide floor, low two-seat sofa,
small coffee table with a steel tumbler. The tumbler's shadow is dark
at its base, then spreads and blurs to the right.
```

‘மங்கலான மூலை’ என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செயலியின் சுபாவம் அதை நிரப்பிவிடுவதுதான். சுவர், தரை நிறங்களைச் சொல்வது அலங்காரத்துக்காக மட்டுமல்ல. வெளிர்நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நிழலுக்குள்ளும் கொஞ்சம் தெரியும்படி செய்கிறது. சிவப்பு ஆக்சைடு தரை என்றால் சோபாவின் அடிப்பக்கத்தில் லேசான செம்மை ஏற வேண்டும். நல்ல மாதிரிகள் இதை ஓரளவு சரியாகவே பிடிக்கின்றன. நிழல் விவரத்தை ஒரே ஒரு பொருளுக்குக் கொடுத்தால் போதும். ஐந்து பொருளுக்கும் தனித்தனியாக நிழல் எழுதினால் ஒன்றின் நிழல் இன்னொன்றுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் பயன்படுத்தும் கிளிப் என்ற வாசிப்புப் பகுதி, ஒரு தடவையில் 77 சொல்துண்டுகளுக்கு மேல் வாங்காது. மேலே உள்ள மூன்று துண்டுகளையும் சேர்த்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். கடைசியில் வரும் டம்ளர் கண்டுகொள்ளப்படாமலே போகலாம். 2024-ல் வந்த ஃப்ளக்ஸ் போன்ற மாதிரிகளில் நீண்ட வாக்கியங்களை வாசிக்கும் வேறொரு பகுதியும் இருப்பதால் இந்த நெருக்கடி இல்லை. எப்படியானாலும் அறையும் ஜன்னலும் முன்னால், சாமான்கள் பின்னால் என்று வைப்பது பாதுகாப்பு.

ஒதுக்க வேண்டிய சொற்கள் சிலவும் உண்டு. `cinematic`, `dramatic lighting`, `8k`, `octane render` ஆகியவை பிராம்ப்டுக்கு மெருகேற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஒரு முப்பரிமாண மென்பொருளின் பெயர். அதைப் போட்டால் பளபளக்கும் கணினிப் படங்களின் சாயல்தான் வரும். விளக்கு வேண்டாம் என்பதற்காக `no lamps` என்று எழுதுவதும் பல சமயம் விளக்கையே கொண்டுவரும், ஏனென்றால் இந்த வாசிப்புப் பகுதிகள் மறுப்பைப் புரிந்துகொள்வதில் மந்தம். படத்தின் விளக்க வரியில் இல்லாத பொருளை யார் எழுதப்போகிறார்கள்? மிட்ஜர்னியில் பிராம்ப்டின் கடைசியில் `--no lamp` என்று தனியே சேர்க்கலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் இடைமுகங்களில் வேண்டாதவற்றுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. எல்லாச் செயலிகளிலும் இந்த வசதி கிடையாது. அங்கே ஜன்னல் ஒன்றே வெளிச்சம் என்று நேர்மறையாகச் சொல்வதுதான் வழி.

`north-facing window` என்ற சொல்லும் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஓவியர்கள் வடக்கு ஜன்னலுள்ள அறைகளை விரும்பினார்கள். அங்கே சூரியன் நாளின் பெரும்பகுதி தெற்கில் நிற்பதால் வடக்கு ஜன்னலில் சீரான வான்வெளிச்சமே வரும். சென்னையோ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நடுப்பகலிலேயே சூரியன் தலைக்கு வடக்கில் இருக்கும். இங்கே வடக்கு ஜன்னல் நம்பகமான நிழல் ஜன்னல் அல்ல. செயலிக்கு இந்தப் பஞ்சாங்கம் எதுவும் தெரியாது. ஐரோப்பிய ஓவியக்கூடப் படங்களின் சாயல் வேண்டுமானால் அந்தச் சொல்லைப் போடலாம். சென்னை ஹாலுக்கு மேகமூட்டத்தையோ மெல்லிய திரையையோ சொல்வதே பொருத்தம்.

படம் வந்த பிறகு அதைச் சோதிப்பது தனிக் கலை. மனிதக் கண் இதில் அவ்வளவு கெட்டியில்லை. ஒரே காட்சியில் பொருள்கள் வெவ்வேறு திசையிலிருந்து ஒளி வாங்கினாலும் மக்கள் எளிதில் கவனிப்பதில்லை என்பதை ஆஸ்ட்ரோவ்ஸ்கி, கவனா, சின்ஹா ஆகியோர் 2005-ல் சோதனைகளால் காட்டினார்கள். ஆகவே ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பது சான்றாகாது, அளந்துதான் பார்க்க வேண்டும். போலிப் படங்களைக் கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற ஹானி ஃபரீத், 2022-ல் டால்-இ 2 வரைந்த படங்களில் வெளிச்சமும் நிழலும் எங்கே பொருந்தவில்லை என்று வடிவியல் கொண்டு ஆராய்ந்தார். அவர் கையாளும் அடிப்படை முறை எளிது. நிழலின் ஒரு புள்ளியிலிருந்து, அந்த நிழலை உண்டாக்கிய பொருளின் அதே புள்ளிக்கு ஒரு கோடு. இப்படிப் பல பொருள்களுக்கு இழுத்தால் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்.

ஹாலில் விளக்கு என்பது நான்கடி ஜன்னல் என்பதால் கோடுகள் ஒரே புள்ளியில் குவியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஜன்னல் சட்டத்துக்குள்ளே போய் முடிய வேண்டும். டம்ளர் நிழலின் நடுவிலிருந்து டம்ளர் விளிம்புக்குக் கோடு இழுத்து நீட்டினால் அது கூரைக்கோ எதிர்ச்சுவருக்கோ போகிறதென்றால் நிழல் பொய். போனில் படத்தின் மேல் விரலால் கோடு போட்டே இதைப் பார்த்துவிடலாம்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுலபம். ஜன்னல் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரின் மேல் நேராகப் படவே முடியாது. மற்ற சுவர்களில் பட்டுத் திரும்பி வருவது மட்டுமே அதற்குக் கிடைக்கும். ஆகவே அறையின் மிக வெளிச்சமான பொருளுக்குப் பக்கத்திலேயே மிக மங்கலான சுவர் இருக்கும். 1660-ஐ ஒட்டி வெர்மீர் தீட்டி, இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பால்காரப் பெண்’ ஓவியத்தில் ஜன்னலுக்குக் கீழே உள்ள பகுதி இருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். ஏஐ படங்கள் இந்த இடத்தில் அடிக்கடி தோற்கின்றன, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரையும் பளிச்சென்று ஆக்கிவிடுகின்றன. பிராம்ப்டில் `the window wall itself is in shade` என்று ஒரு வரி சேர்த்தால் பல சமயம் சரியாகிறது.

எல்லாம் சொல்லியும் எல்லாம் கிடைக்காது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் கணினிப் பார்வை மாநாடு ஒன்றில் முன்வைத்த ஆய்வு, தேர்ந்தெடுத்த தரமான ஏஐ படங்களில்கூட நிழலும் கோணக்கோடுகளும் நிஜப்படங்களிலிருந்து வேறுபடுவதை ஒரு கணினி நிரலால் கண்டுபிடிக்க முடிகிறது என்று காட்டியது. செயலி ஒளிக்கதிரைப் பின்தொடர்வதில்லை, நிழல் போலத் தெரிவதை வரைகிறது. ஆகவே வீட்டுக்காரருக்கு ‘இந்த இடத்தில் ஜன்னல் வைத்தால் ஹாலில் இவ்வளவு வெளிச்சம் வரும்’ என்று காட்ட இந்தப் படத்தை நீட்டுவது சரியல்ல. அதற்குக் கதிர்களைக் கணக்குப்போட்டு வரையும் பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்கள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தை அளவோடு கணக்கிடவே எழுதப்பட்ட ரேடியன்ஸ் என்ற நிரலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டையும் இணைப்பவர்களும் உண்டு. ஹாலை பிளெண்டரில் வெறும் பெட்டிகளாகக் கட்டி, ஒவ்வொரு பொருளும் காமிராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஆழப்படத்தை எடுத்து, 2023-ல் வந்த கண்ட்ரோல்நெட் வழியாக ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்குக் கொடுக்கிறார்கள். அறை அளவு அப்போது அப்படியே நிற்கும், நிழலை மட்டும் பிராம்ப்ட் பார்த்துக்கொள்ளும். அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்களுக்கு, பிடித்த படத்தில் கெட்டுப்போன பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி வரையச் சொல்லும் வசதி போதும். அப்போது சோபாவின் அடிப்பகுதியை மட்டும் இறுக்கமாக வெட்டித் தேர்ந்தெடுக்காமல், அதன் காலும் சுற்றியுள்ள ஓரடித் தரையும் சேர வட்டம் போட வேண்டும். நிழல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற தடயம் செயலிக்கு அந்தத் தரையிலிருந்துதான் கிடைக்கிறது.